மூன்று வாரப் பயிற்சித்தாள்களைப் பற்றிப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு கடிதம்: 3, 5, 6 என்ற புள்ளிகளை எப்படிச் சொல்வது?

நாலாம் வகுப்பு ரீச்சர் (திங்கள், இரவு 8.40)

வணக்கம். வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 4 வகுப்புக்குக் கற்பிக்கிறேன். என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் வீட்டுக்குக் கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் உங்களிடம் காட்ட விரும்புகிறேன்.

பிள்ளையின் தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறார், தாய் கொழும்பில் வேலை செய்கிறார். பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மா. கழித்தலில் பிள்ளை மிகவும் பின்தங்கியிருந்ததால், கடந்த மூன்று வாரமும் வியாழக்கிழமைகளில் பத்துக் கணக்குகள் கொண்ட ஒரு பயிற்சித்தாளை வகுப்பிலேயே செய்வித்து, அன்றே திருத்தி, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மம்மா ஒவ்வொரு தாளிலும் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். புள்ளிகள் முறையே 3, 5, 6.

போன வெள்ளிக்கிழமை பாடசாலை வாசலில் அவரைக் கண்டேன். "மூண்டு கிழமையா இவ்வளவு பாடுபட்டும் பத்துக்கு ஆறுதானே ரீச்சர், வாற வருஷம் ஸ்கொலசிப் எப்படி எழுதப்போறாள்?" என்று கேட்டவர் கண் கலங்கிவிட்டார். பிள்ளை உண்மையிலேயே முன்னேறியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதை அவர் நம்பும்படி எழுதத்தான் தெரியவில்லை. நான் எழுதியது இதுதான்:

"மதிப்புக்குரிய அம்மா, தங்கள் பேத்தி கடந்த மூன்று வாரங்களில் கழித்தலில் சீரான முன்னேற்றம் காட்டியுள்ளார். அவர் பெற்ற புள்ளிகள் 3, 5, 6 ஆகும். சில இடங்களில் கவனக்குறைவு காணப்படுகிறது. வீட்டில் மேலும் பயிற்சி அளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

கொடிகாமத்துத் தாய் (திங்கள், இரவு 9.15)

ரீச்சர், கோபிக்க வேண்டாம். இதே மாதிரிக் கடிதம் ஒன்று என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தது. "முன்னேற்றம் தெரிகிறது, மேலும் பயிற்சி தேவை" என்று எழுதியிருந்தார்கள். மேலும் பயிற்சி என்றால் எதில், எவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அவனை இருத்திக் கணக்குச் செய்வித்தேன். ஒரு மாதத்தில் கணக்குக் கொப்பியைக் கண்டாலே அழத் தொடங்கினான். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நோகும். அந்த அம்மம்மா இந்தக் கடிதத்தை வாசித்தால் நான் செய்ததைத்தான் செய்வார்.

இன்னொன்று. தாள்களைத் திருப்பிக் கொடுப்பதில் பிள்ளை தாமதம் செய்தாளா? அதுதான் பிரச்சினை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுவது நல்லது.

நாலாம் வகுப்பு ரீச்சர் (திங்கள், இரவு 9.30)

நன்றி அக்கா. தாமதம் ஒன்றும் இல்லை. திருத்திய தாள்களை நான்தான் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தேன், அவை திங்கட்கிழமையே கையொப்பத்துடன் வந்துவிட்டன. நான் தெளிவாக எழுதவில்லை. நீங்கள் மகனைப் பற்றிச் சொன்னது மனதைத் தொட்டது. "மேலும் பயிற்சி" என்ற வரியை எடுத்துவிடுகிறேன்.

ரொறன்ரோ தந்தை (திங்கள், இரவு 11.05)

பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இருக்கும் தகப்பன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களுக்குக் கடிதம் படமாக வாட்ஸ்அப்பில்தான் வரும். வேலைக்குப் போகும் வழியில், பேருந்தில் நின்றபடி வாசிப்போம். முதலில் தேடுவது இலக்கத்தைத்தான். இலக்கம் இல்லாத கடிதம் எதையோ மறைக்கிறது என்று தோன்றும். ஆகவே 3, 5, 6 என்பதை எடுத்துவிடாதீர்கள், முதல் வரியிலேயே போடுங்கள். மூன்று வாரத்தில் புள்ளி இரட்டிப்பாகியிருக்கிறதே, அதுவே போதுமான செய்தி. வேறு விளக்கம் தேவையில்லை.

ஓய்வுபெற்ற ஆலோசகர் (செவ்வாய், காலை 6.20)

தம்பி இலக்கம் வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் இந்த மூன்று இலக்கங்களையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. மூன்று தாளும் ஒரே கடினத்தில் இருந்தால்தான் 3, 5, 6 என்பதற்கு ஏறுவரிசை என்ற பொருள் உண்டு. மூன்றாம் தாள் கடினமாக இருந்திருந்தால் 6 என்பது உண்மையைக் குறைத்துச் சொல்லும். இலகுவாக இருந்திருந்தால் கூட்டிச் சொல்லும். இரட்டிப்பு என்ற சொல்லை நம்பி வெளிநாட்டில் ஒரு தகப்பன் மகிழ்ந்திருக்க, அடுத்த வாரம் 4 வந்தால் என்ன செய்வது?

அதைவிட எனக்கு உறுத்துவது "கவனக்குறைவு" என்ற சொல். முப்பது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தவன் நான். கழித்தலில் உண்மையான கவனக்குறைவு மிகக் குறைவு. பிள்ளை பெரும்பாலும் ஒரு முறையைப் பின்பற்றித்தான் பிழை விடுகிறது, ஒவ்வொரு கணக்கிலும் அதே முறை, அதே பிழை. அமெரிக்காவில் ஜோன் சீலி பிரௌன், றிச்சட் பேட்டன் என்ற இருவர் 1978இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். பிழையான விடைகளைத் தொகுத்துப் பார்த்தால் பிள்ளை மனதுக்குள் வைத்திருக்கும் பிழையான விதியைக் கண்டுபிடிக்கலாம் என்பதே அதன் சாரம்.

ரீச்சர், மூன்று தாளிலும் என்னென்ன கணக்குகள், பிள்ளை எழுதிய விடைகள் எவை என்று இங்கே தட்டெழுதுங்கள். புள்ளியை விட எனக்கு விடைகள்தான் வேண்டும்.

நாலாம் வகுப்பு ரீச்சர் (செவ்வாய், பிற்பகல் 3.10)

தாள்களைப் பார்த்து எழுதுகிறேன் ஐயா.

முதலாம் வாரம் பத்தும் இரண்டு இலக்கக் கணக்குகள். அவற்றில் எட்டுக்குக் கடன் வாங்க வேண்டும், இரண்டுக்கு வேண்டியதில்லை. வேண்டாத இரண்டும் சரி, வேண்டிய எட்டில் ஒன்று சரி. பிழைகளில் ஆறு இந்த மாதிரியானவை: 52 - 27 = 35, 81 - 46 = 45, 63 - 28 = 45. மேலே சிறிய இலக்கம் இருந்தால், எங்கே இருக்கிறது என்று பாராமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறாள். மற்றொன்று வெறும் கூட்டல் கழித்தல் பிழை.

இரண்டாம் வாரமும் அதே அமைப்பு. கடன் வேண்டாத இரண்டும் சரி, எட்டில் மூன்று சரி. பழைய மாதிரிப் பிழை ஒன்றே ஒன்று. மிகுதி நான்கும் இவை: 74 - 38 = 26, 92 - 47 = 35, 61 - 24 = 27, 85 - 19 = 56. நான் கவனக்குறைவு என்று எழுதியது இந்த நான்கையும் நினைத்துத்தான். மேலே பத்தின் இலக்கத்தைக் கீறி ஒன்று குறைத்தும் எழுதியிருக்கிறாள், ஆனாலும் விடை பிழை.

மூன்றாம் வாரம் நான் தாளை மாற்றினேன். ஆறு இரண்டு இலக்கக் கணக்குகள், எல்லாவற்றுக்கும் கடன் வேண்டும். அவற்றில் ஐந்து சரி. மற்ற நான்கும் நடுவில் அல்லது கடைசியில் பூச்சியம் உள்ள மூன்று இலக்கக் கணக்குகள். அவற்றில் ஒன்று சரி: 408 - 135 = 273. பிழையானவை 402 - 157 = 255, 503 - 268 = 265, 600 - 234 = 336.

மாலை வகுப்பு மாஸ்ரர் (செவ்வாய், மாலை 5.45)

இதில் ஆராய ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் கை பழகவில்லை. தினமும் ஐம்பது கணக்கு, ஒரு மாதம். நான் என் மாலை வகுப்பில் அப்படித்தான் செய்விக்கிறேன், பலன் கண்டிருக்கிறேன். கடிதத்திலும் அதையே எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆலோசகர் (செவ்வாய், இரவு 7.30)

மாஸ்ரர், பிள்ளைக்குச் சரியான முறை தெரிந்திருந்தால் உங்கள் ஐம்பது கணக்கும் அதை உறுதியாக்கும். முறை பிழையாக இருந்தால் அந்தப் பிழையைத்தான் ஐம்பது தரம் உறுதியாக்கும். இந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்பதை இரண்டாம் வாரத்து நான்கு விடைகளும் சொல்கின்றன.

சரியான விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 74 - 38 என்பது 36, பிள்ளை எழுதியது 26. 92 - 47 என்பது 45, எழுதியது 35. 37 வரவேண்டிய இடத்தில் 27, 66 வரவேண்டிய இடத்தில் 56. நான்கும் சரியாகப் பத்தால் குறைகின்றன. ஒன்றின் இடத்தில் ஒரு பிழையும் இல்லை. கவனக்குறைவுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

74 - 38 ஐ எடுத்துக்கொள்வோம். 4 இலிருந்து 8 போகாது, 7 ஐக் கீறி 6 ஆக்கினாள், 14 இலிருந்து 8 போக 6. இதுவரை ரீச்சர் சொல்லிக்கொடுத்தது. அடுத்து 6 இலிருந்து 3 போக 3 வரவேண்டும். அவளுக்கு 2 வந்திருக்கிறது. அதாவது கீழே இருந்த 3 ஐ 4 ஆக்கிக் கழித்திருக்கிறாள். மேலே ஒன்று குறைத்தது ஒரு முறை. மேலே எதையும் தொடாமல் கீழே ஒன்று கூட்டுவது இன்னொரு முறை. என் தலைமுறையில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்தது இந்த இரண்டாவதைத்தான். "கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேணும்" என்று சொல்லிக் கீழே ஒன்று கூட்டுவோம். இரண்டு முறையும் தனித்தனியே சரியானவை. இரண்டையும் ஒரே கணக்கில் செய்தால் பத்து இரண்டு தரம் போய்விடும்.

பிள்ளையைத் திட்டாமல், ஒரு கணக்கைக் கொடுத்து, செய்யும்போது வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யாரோ கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நாலாம் வகுப்பு ரீச்சர் (புதன், பிற்பகல் 2.50)

ஐயா, இன்று இடைவேளையின்போது பிள்ளையை என் மேசைக்கு அழைத்து 74 - 38 ஐத் திரும்பவும் கொடுத்தேன். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு 7 ஐக் கீறி 6 போட்டாள். கீழே 3க்குப் பக்கத்தில் மிகவும் சிறிதாக ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி இரண்டாம் வாரத் தாளிலும் இருந்தது. அழிறப்பர் பட்ட அடையாளம் என்று நினைத்து நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அது என்ன என்று கேட்டேன். "அம்மம்மா கீழ ஒண்டு கூட்டச் சொன்னவா. நீங்கள் மேல ஒண்டு குறைக்கச் சொன்னீங்கள். நான் ரெண்டையும் செய்தனான் ரீச்சர்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளை இரண்டு பேரின் சொல்லையும் கேட்டிருக்கிறாள். அதைத்தான் நான் கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்ப இருந்தேன்.

இன்னொரு விஷயமும் சொன்னாள். மூன்றாவது வாரம் அம்மம்மா ஒரு செத்தவீட்டுக்காக வவுனியாவுக்குப் போய், நான்கு நாள் நின்றுவிட்டு வந்திருக்கிறார். அந்த வாரம் வீட்டில் யாரும் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியானால் மூன்றாம் வாரத்தில் ஆறில் ஐந்து சரியானதற்கு என் கற்பித்தலா காரணம், அம்மம்மா வீட்டில் இல்லாததா காரணம் என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. சீரான முன்னேற்றம் என்று எழுதலாமா?

கொடிகாமத்துத் தாய் (புதன், மாலை 4.30)

வவுனியாக் கதையைத் தயவுசெய்து கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். பேத்திக்காகத் தன் பழைய படிப்பைத் தோண்டி எடுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு வயதான மனுஷியிடம், நீங்கள் இல்லாத வாரம் பிள்ளை நன்றாகச் செய்தாள் என்று சொன்னால் அவர் இனிக் கொப்பியைத் தொடவே மாட்டார். பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் நடுவில் ஒரு விரிசல் விழும்.

ஓய்வுபெற்ற ஆலோசகர் (புதன், இரவு 7.05)

தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி. ரீச்சரின் சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. காரணம் எதுவென்று மூன்று தாளை வைத்து யாராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்பதைச் சொல்லலாம், கடிதத்துக்கு அது போதும்.

ஒரே வகைக் கணக்கை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். கடன் வாங்க வேண்டிய இரண்டு இலக்கக் கணக்குகள் முதல் வாரம் எட்டில் ஒன்று சரி, இரண்டாம் வாரம் எட்டில் மூன்று, மூன்றாம் வாரம் ஆறில் ஐந்து. இது ஏறுவரிசைதான். பத்துக்கு ஆறு என்ற மொத்தப் புள்ளி இதை மறைத்துவிட்டது, ஏனென்றால் பிள்ளை முன்பு செய்திராத பூச்சியக் கணக்குகள் அதற்குள் கலந்திருந்தன. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழைய பிழை இரண்டு இலக்கக் கணக்கில் ஆறிலிருந்து ஒன்றாகி, பிறகு இல்லாமலே போயிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு குறை. மூன்றாம் வாரத்து ஆறு கணக்குக்கும் கடன் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பிள்ளை யோசிக்காமல் எல்லா இடத்திலும் கீறிக்கொண்டே போனாலும் சரியாக வந்துவிடும். எப்போது கடன் வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறதா என்பதை அந்த ஆறும் சோதிக்கவில்லை. அடுத்த தாளில் கலந்து கொடுங்கள்.

நாலாம் வகுப்பு ரீச்சர் (புதன், இரவு 7.40)

408 - 135 இல் ஒன்றின் இடத்தில் அவள் எதையும் கீறவில்லை, பத்தின் இடத்துக்கு மட்டும் நூறிலிருந்து எடுத்திருக்கிறாள். ஆகவே தேவையைப் பார்த்துத்தான் செய்கிறாள் என்று நினைக்கிறேன். ஒரு கணக்கை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த தாளில் கலந்து கொடுக்கிறேன்.

பூச்சியக் கணக்கில் என்ன நடக்கிறது என்று இப்போது பார்த்தேன். 402 - 157 இல் பூச்சியத்திடம் கடன் கேட்க முடியாததால் அதைத் தாண்டிப்போய் 4 ஐ 3 ஆக்குகிறாள். 12 இலிருந்து 7 போக 5. பத்தின் இடத்தில் 0 இலிருந்து 5 போகவேண்டிய கட்டம் வந்ததும் பழைய பழக்கம் திரும்பி, 5 என்று எழுதிவிடுகிறாள். 3 இலிருந்து 1 போக 2. அதனால்தான் 255. 503, 600 கணக்குகளும் இதே வழியில்தான் பிழைத்திருக்கின்றன. அடுத்த இரண்டு வாரமும் பூச்சியக் கணக்குகளையே செய்விக்கலாம் என்றிருக்கிறேன்.

மாலை வகுப்பு மாஸ்ரர் (புதன், இரவு 8.55)

ஐம்பது கணக்கு என்று நான் சொன்னதை மீளப் பெறுகிறேன், அந்தப் பத்துக் குறைவை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மம்மாவின் முறையிலேயே பிள்ளையை விட்டால் என்ன? 402 - 157 ஐ அந்த முறையில் செய்து பாருங்கள். 12 இலிருந்து 7 போக 5. கீழே 5 ஐ 6 ஆக்கி, 10 இலிருந்து 6 போக 4. கீழே 1 ஐ 2 ஆக்கி, 4 இலிருந்து 2 போக 2. விடை 245. பூச்சியம் ஒரு தடையாகவே இல்லை. ரீச்சர் பூச்சியத்துக்கென்று தனியாக இரண்டு வாரம் செலவிடப்போகிறார், அம்மம்மாவின் முறையில் அந்தச் செலவே இல்லை.

ஓய்வுபெற்ற ஆலோசகர் (புதன், இரவு 9.40)

மாஸ்ரர் சொல்லும் கணக்கு சரி. அந்த முறையின் பலமே பூச்சியத்தில்தான். ஆனால் மேலே பத்து ஒன்றுகளையும் கீழே ஒரு பத்தையும் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதுதான் அதன் அடிப்படை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்டிப் புரியவைப்பது கடினம். வகுப்பு முறையில் ஈர்க்குக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்து ஈர்க்காகக் காட்டிவிடலாம். ஏன் என்று தெரியாமல் செய்யும் முறை மறந்துபோனால் பிள்ளையால் அதைத் திரும்ப உருவாக்க முடியாது.

மாலை வகுப்பு மாஸ்ரர் (புதன், இரவு 10.10)

ஏன் என்று தெரியாமலே அந்தத் தலைமுறை வாழ்நாள் முழுவதும் கடைக்கணக்குப் பார்த்திருக்கிறது ஐயா. இதில் நான் உங்களுடன் உடன்படவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு முறை கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ரொறன்ரோ தந்தை (வியாழன், காலை 5.15)

என் மகளுக்கு நான் வீடியோ அழைப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், இங்கே என் மூத்த பிள்ளைகள் படிக்கும் முறையில். ஊரில் ரீச்சர் எந்த முறையில் சொல்லிக்கொடுக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்கிறேன்.

ரீச்சர், பிள்ளையின் தகப்பனுக்கும் கடிதம் போகும் என்றால், நான் முன்பு சொன்ன 3, 5, 6 ஐ விட்டுவிட்டு ஐயா சொன்ன எட்டில் ஒன்று, எட்டில் மூன்று, ஆறில் ஐந்தைப் போடுங்கள். பேருந்தில் நின்று வாசிப்பவனுக்கும் அது விளங்கும்.

நாலாம் வகுப்பு ரீச்சர் (வியாழன், இரவு 8.20)

எல்லோருடைய கருத்தையும் படித்தபின் கடிதத்தை முதலிலிருந்து எழுதினேன். முறையைப் பொறுத்தவரை, தவணைப் பரீட்சை வரை வகுப்பு முறையிலேயே போகிறேன். மாஸ்ரர் எழுப்பிய கேள்வியை மறக்கவில்லை. பூச்சியக் கணக்கில் பிள்ளை தொடர்ந்து இடறினால் அவர் சொன்னதைத் திரும்பவும் யோசிப்பேன்.

"மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் பேத்தியின் மூன்று பயிற்சித்தாள்களைப் பற்றி இதை எழுதுகிறேன். மூன்றாம் தாளில் பத்துக்கு ஆறு என்பதைப் பார்த்துத் தாங்கள் கவலைப்பட்டீர்கள். அந்தத் தாளில் பிள்ளை முன்பு செய்திராத நான்கு கடினமான கணக்குகளை நான் சேர்த்திருந்தேன். அதை அன்றே தங்களுக்குச் சொல்லாதது என் பிழை.

இரண்டு இலக்கக் கணக்குகளில் கடன் வாங்கிக் கழிப்பவற்றை மட்டும் பார்த்தால், முதல் வாரம் எட்டில் ஒன்றும், இரண்டாம் வாரம் எட்டில் மூன்றும், மூன்றாம் வாரம் ஆறில் ஐந்தும் சரியாகச் செய்திருக்கிறாள். முதல் வாரத்தில் 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று எழுதியவள், மூன்றாம் வாரத்தில் அந்த மாதிரிக் கணக்கு எதிலும் அப்படிப் பிழை விடவில்லை.

தாங்கள் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளை சொல்லி அறிந்தேன், மிகவும் மகிழ்ந்தேன். தாங்கள் சொல்லிக்கொடுத்த, கீழே ஒன்று கூட்டும் முறை சரியான முறை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது மேலே ஒன்று குறைக்கும் முறை. பிள்ளை நம் இருவருடைய சொல்லையும் கேட்டு இரண்டையும் ஒரே கணக்கில் செய்ததால், சில விடைகள் சரியாகப் பத்தால் குறைந்துவிட்டன. இது அவளுடைய கவனக்குறைவு அல்ல. இந்தத் தவணை முடியும்வரை மேலே குறைக்கும் முறையை மட்டும் அவள் பயன்படுத்தத் தாங்கள் உதவவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் புதிய கணக்குகள் தேவையில்லை. திருத்திய தாளில் மூன்று கணக்குகளை எடுத்து, விடையையும் கீழே உள்ள எண்ணையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே உள்ள எண் வந்தால் கணக்குச் சரி. 26 உம் 38 உம் கூட்டினால் 64 தான் வரும், 74 வராது என்று அவளே கண்டுபிடிப்பாள். ஐந்து நிமிடம் போதும்.

பூச்சியம் உள்ள கணக்குகளில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். அடுத்த இரண்டு வாரமும் அதைத்தான் செய்யவிருக்கிறோம். கடைக்குப் போகும்போது நூறு ரூபாய்த் தாளை மாற்றிப் பத்து ரூபாய்க் குற்றிகளாகவும், அதில் ஒன்றை ஒரு ரூபாய்க் குற்றிகளாகவும் வாங்கி அவள் கையில் எண்ணக் கொடுத்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தங்கள் அன்புள்ள வகுப்பாசிரியை"

ஓய்வுபெற்ற ஆலோசகர் (வியாழன், இரவு 9.00)

அனுப்புங்கள் ரீச்சர். ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் வாரத்தில் தவறிய அந்த ஒரு இரண்டு இலக்கக் கணக்கு எப்படிப் பிழைத்தது என்று பார்த்தீர்களா? அதுவும் பத்துக் குறைவாக இருந்தால் கலப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை என்று பொருள். "சில விடைகள்" என்ற வரியில் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தாளில் அது திரும்ப வரும்போது அம்மம்மா திடுக்கிடுவார்.

நாலாம் வகுப்பு ரீச்சர் (வியாழன், இரவு 9.25)

பார்த்தேன் ஐயா. பத்துக் குறைவுதான், கீழே அந்தச் சின்னப் புள்ளியும் இருக்கிறது. "மூன்றாம் வாரத்திலும் ஒரு கணக்கில்" என்று சேர்த்துவிட்டேன்.

நாலாம் வகுப்பு ரீச்சர் (திங்கள், பிற்பகல் 3.30)

கடிதம் வெள்ளிக்கிழமை போனது. இன்று தாள்கள் திரும்பி வந்தன. மூன்றாம் தாளின் பின்பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்தில் மூன்று கூட்டல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 336 உம் 234 உம், விடை 570. பக்கத்தில் "600 வரேல்லை" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அம்மம்மாவின் கையொப்பமும், நடுங்கிய எழுத்தில் ஒரு வரியும்: "நான் இனி மேலே குறைக்கிற மாதிரியே சொல்லுறன். எனக்கும் அதை ஒருக்கால் காட்டித் தாங்கோ." புதன்கிழமை பாடசாலை விட்டபின் வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஈர்க்குக் கட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன்.